பல் கிளினிக்கின் ஏழாவது தொட்டி

அந்தப் பல் கிளினிக்கில் அவளுக்கு அருவியக்கா என்று பெயர். வைத்தவள் வரவேற்பில் உட்காரும் பெண். காலை எட்டரைக்குக் கதவைத் திறந்ததும், துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே அருவியக்கா கையில் பச்சைக் குவளை ஏறிவிடும். காத்திருப்பு அறையில் வரிசையாக நின்ற ஆறு செடிகளுக்கும் ஆளுக்கு இரண்டு குவளை. வெயிலோ மழையோ, ஒரு சொட்டு குறையாது.

அவள் வளர்ந்தது நாலாவது மாடி வீட்டில். ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் ஏறும். பதினோரு வருஷம் துணி கம்பெனியில் சட்டை மடித்துவிட்டு இந்தத் துப்புரவு வேலைக்கு வந்தபோது, திறந்தால் கொட்டுகிற குழாயைப் பார்த்து மலைத்துப் போனாள். தாராளமாகக் கொடுக்கத் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்ற சந்தோஷம் அவளுக்கு.

செடிகளுக்குத்தான் அந்தச் சந்தோஷம் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றே மாதத்தில் ரப்பர் செடி இலையைக் கொட்டியது. வெள்ளைப் பூ பூக்கிற பீஸ் லில்லி துவண்டு தொட்டிக்கு வெளியே தொங்கியது. தாகமாக்கும் என்று இரண்டு குவளையை மூன்றாக்கினாள். மறுநாள் இன்னும் தொங்கியது. மண்ணிலிருந்து பொடிப்பொடியாக ஈக்கள் கிளம்பி, காத்திருப்பவர்கள் மூக்கைச் சுற்றின.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழமை பிளாஸ்டிக் செடி வருது. இதையெல்லாம் எடுத்துப் போட்டுடலாம்.”

அருவியக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. “ஒரு நாள் கூட தண்ணி ஊத்தாம விட்டதில்லையே டாக்டர்,” என்றாள்.

மறுநாள் கருவிகளைக் கழுவுகிற அறையைத் துடைக்கப் போனவள், ஜன்னலோரம் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அங்கே ஏழாவது செடி இருந்தது. அதுவும் பீஸ் லில்லிதான். எல்லாம் ஒரே நாளில், ஒரே நர்சரியிலிருந்து வந்தவை. வாங்கிய வெள்ளைப் பீங்கான் தொட்டி ஆறுதான் என்பதால், இது நர்சரி கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலேயே, கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தது. ஞாபகம் வந்தால் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்டுவாள். அவ்வளவுதான். அந்தச் செடி இலை மேல் இலையாகத் தழைத்து, இரண்டு பூவும் விட்டிருந்தது.

கவனித்தது சாகிறது, கவனிக்காதது பூக்கிறதா? துவண்ட லில்லியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். ஏழாவது லேசாக இருந்தது. துவண்டது, பீங்கான் கனம் போக, கருங்கல் மாதிரி கனத்தது. தாகம் என்றால் இவ்வளவு கனக்குமா?

செய்தித்தாளை விரித்துத் துவண்ட செடியைக் கவிழ்த்தாள். சாக்கடை திறந்த நாற்றம். அடியில் அழகுக்காகப் போட்டிருந்த கூழாங்கல்லுக்கு நடுவே கறுப்புத் தண்ணீர். வேர் பழுப்பாகக் கொழகொழத்திருந்தது. இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் கையில் நின்றது. பீங்கான் தொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓட்டை கூட இல்லை. ஏழாவது தொட்டியின் அடியில் எட்டு ஓட்டை, ஒவ்வொன்றிலும் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது.

மதியம் வேலை முடிந்ததும் அழுகிய செடியைப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு நிறுத்தத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு, பிறகு எழுந்து நின்றே வந்தார்.

நர்சரிக்காரர் பையைத் திறந்த உடனே சொல்லிவிட்டார். “வேர் அழுகிடுச்சு. மூச்சு முட்டிச் செத்திருக்கு.”

“வேரு மூச்சு விடுமா?”

“விடாம? மண்ணுக்குள்ள பொடி இடுக்கு இருக்குல்ல, அதுல காத்து நிக்கும். அந்தக் காத்தை வச்சுத்தான் வேர் வேலை செய்யும். தண்ணி ஊத்தினா இடுக்கெல்லாம் நிறையும். வடிஞ்சதும் திரும்ப காத்து வரும். உங்க தொட்டியில வடிய வழியே இல்ல. தினம் ஊத்திட்டே இருந்தா காத்து எப்ப உள்ள வரும்? மூச்சு இல்லாத வேர் செத்துப்போகும். அப்புறம் ஈரத்துல வளர்ற பூஞ்சை மாதிரிக் கிருமி புகுந்து மிச்சத்தையும் தின்னுடும்.”

“இலை தொங்குச்சே. தாகம்னுதானே நினைச்சேன்?”

“தாகம்தான் அக்கா. சுத்தித் தண்ணி கிடக்கு, உறிஞ்ச வேர் இல்ல.”

அருவியக்கா விடவில்லை. “அப்ப எங்க வீட்டு பாட்டில்ல மணி பிளாண்ட் வெறும் தண்ணியில இருக்கே. அது மட்டும் எப்படி?”

அவர் சிரித்துவிட்டார். “அந்த வேர் தண்ணியிலயே பிறந்தது, அதுக்குப் பழகினது. தண்ணியையும் மாத்துறீங்க. மண்ணுல தேங்கின தண்ணி அப்படி இல்ல. அதுல இருக்கிற கொஞ்ச காத்தையும் மண்ணுல இருக்கிற பூச்சி கிருமியெல்லாம் தீர்த்துடும்.”

கூழாங்கல்லைப் பற்றியும் கேட்டாள். அதனால் தண்ணீர் வடியாது, ஓட்டை இல்லாத தொட்டியில் கல்லுக்கு மேலே மண் ஊறிக்கொண்டேதான் இருக்கும் என்றார். தென்னை நார்த்தூளும் மண்ணை இறுக விடாத, வெள்ளைப் பொரி மாதிரி இருந்த பெர்லைட்டும் கலந்த மண் இரண்டு மூட்டை கொடுத்தனுப்பினார்.

பஸ்ஸிலிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். “டாக்டர், பிளாஸ்டிக் செடியைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. கொன்னது நான்தான். எப்படின்னு தெரிஞ்சுபோச்சு.” குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் குரலில் அவ்வளவு குதூகலத்தை டாக்டரம்மா கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவரும் வந்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர். பீங்கானைத் துளைக்கிற முனை அவரிடம் இருந்தது. அதன் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட, மெதுவாகத் துளை போட்டார்.

“வீட்ல சுவத்துல ஒரு ஓட்டை போடச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு,” என்றாள்.

“அது செடி கேக்கலையே,” என்றார் அவர்.

ஐந்து தொட்டி தப்பியது, ஒன்று விரிசல் விட்டது.

பிளாஸ்டிக் செடியை நிறுத்தச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவும் வந்திருந்தார். அழுகிய வேரைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அட, நான் தினம் பாக்கறது இதுதானேக்கா. மேல பல்லு பல்லாட்டமே இருக்கும், வேர் போயிருக்கும்.” தானே ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியை எடுத்துவந்து, கொழகொழத்ததை எல்லாம் வெட்டி, உறுதியான வெள்ளை வேரை மட்டும் விட்டார். வேர் குறைந்த அளவுக்கு அருவியக்கா இலையையும் குறைத்து, புது மண்ணில் நட்டாள். தண்ணீர் ஒருமுறை ஊற்றி, அடித்தட்டில் வடிந்ததைக் கொட்டினாள்.

மறுநாள் காலை கை தானாகக் குவளைக்குப் போனது. பிடித்து இழுத்துக்கொண்டாள். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தாள். ஈரம். செவ்வாய்க்கிழமையும் ஈரம். ஊற்றாமல் இருப்பது ஊற்றுவதைவிடக் கஷ்டமான வேலை என்று அந்த வாரம்தான் தெரிந்தது. விரல் காய்ந்து வெளியே வந்தபோது ஆறு நாள் ஆகியிருந்தது.

ரப்பர் செடி பிழைக்கவில்லை. நர்சரிக்கு எடுத்துப்போன லில்லியில் வெட்டி மிஞ்ச வேரே இல்லை. மற்ற நாலும் தப்பின.

ஐந்தாவது வாரம் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு செடியை மண்ணோடு மெல்லச் சாய்த்து உருவினாள். மண்ணைச் சுற்றிப் புது வேர், முளைகட்டிய பயறு மாதிரி வெள்ளை வெளேரென்று ஓடியிருந்தது. தொட்டியும் கையுமாகக் காத்திருப்பு அறைக்கு வந்தாள். அங்கே மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு தாடையைப் பிடித்தபடி ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“பாருங்க சார், வேர். மூச்சு விடுது பாருங்க.”

அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. குனிந்து, ரொம்ப நேரம் பார்த்து, தலையை மட்டும் பலமாக ஆட்டினார். அவளுக்கு அது போதும். அடுத்த நோயாளி எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.