மகளின் ஜெர்மனும் மனைவியின் விரலும்

அரசாங்கத்தில் ஒரு காரியம் எப்படி நடக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியும். சூலக்கரையில், ஆட்சியர் அலுவலகத்தின் மூன்று பிரிவுகளில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும், யார் வந்து தட்டினால் விழிக்கும் என்பதெல்லாம் என் விரல் நுனியில் இருந்தது. ஆகவே மகள் ஜெர்மனிக்கு வேலை தேடிப் போகப் போகிறேன் என்றதும் வீட்டில் நான்தான் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் மெக்கானிக்கல் படித்தவள். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வை. வேலை தேடுவதற்கென்றே அந்த நாடு கொடுக்கும் விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு வாரத்தில் படித்து முடித்தேன். நம் கல்லூரிப் பட்டம் அங்கே செல்லும் என்பதற்கான சான்று, கையிருப்புக்கு ஆதாரம், பாஸ்போர்ட், மருத்துவக் காப்பீடு. மொழிக்கு இரண்டு வழி: அடிப்படை ஜெர்மன், அல்லது நல்ல ஆங்கிலம். ஆங்கிலம் அவளுக்கு வரும். இருக்கிறதைக் காட்டிவிட்டுப் போகலாமே என்றேன்.

"அப்பா, விசா கொடுக்கிறவருக்கு இங்கிலீசு போதும். அங்கன பட்டறையில மெசினு பக்கத்துல நிக்கிறவருக்குப் போதாது. கை மாட்டிக்கிடும்னு நான் எந்த மொழியில கத்துறது?" என்றாள்.

முப்பது ஆண்டுக் கோப்பு அனுபவம் ஆங்கிலம் என்ற வரியை அங்கேயே அடித்தது. ஜெர்மன் என்று முடிவாயிற்று.

எங்கள் ஊர் சிவகாசியில் ஜெர்மன் வகுப்பு எங்கே இருக்கிறது? பாதி உலகத்துக்குக் காலண்டர் அச்சடிக்கிற ஊர்தான். அந்த உலகத்தின் மொழிகளைக் கற்றுத்தர ஆள் இல்லை. எனவே செல்போன் செயலி. ஒன்று விளையாட்டு மாதிரி. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வரும், கீழே ஜெர்மன் சொற்கள் கட்டம் கட்டமாகக் கிடக்கும், வரிசையாகத் தொட்டால் வாக்கியம் ஆகும். இன்னொன்று சீட்டுக்கட்டு மாதிரி. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். தெரிந்தது என்று அழுத்தினால் அந்தச் சீட்டு சில நாள் கழித்து வரும், மறுபடி தெரிந்தது என்றால் இன்னும் தள்ளி வரும், தெரியவில்லை என்றால் உடனே திரும்பி வந்து நிற்கும். இவை தவிர, வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து ஓர் ஆசிரியை காணொலியில் வருவார்.

விளையாட்டுச் செயலியில் ஒரு தீச்சுடர் படம் உண்டு. ஒருநாள் விடாமல் பாடம் செய்தால் சுடருக்குப் பக்கத்தில் எண் ஏறும். ஒருநாள் விட்டால் பூஜ்யம். பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது: இது வருகைப் பதிவேடு. ஏறாத எண்ணிக்கையை எல்லாம் ஏற்றிக் காட்டிய அலுவலகத்தில் இருந்தவன் நான். ஆனாலும் மகளின் எண் ஏற ஏறப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டாரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே கொடுத்து வாங்குகிற வரிசையில் நிற்பதற்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது மேல் என்று மகள் போனைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டுப் போவாள். தீபாவளி சீசன் தொடங்கியதும் லோடு ஏற்றி முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. வந்தால் குளிப்பாள், சாப்பிடுவாள், தட்டு காயுமுன் தூங்கிவிடுவாள். ஆசிரியையின் காணொலி வகுப்பும் சீசன் முடியும்வரை நின்றுபோனது. ஆனாலும் எண் ஏறிக்கொண்டே போனது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் உழைப்பே தனி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சீசன் முடிந்து சில வாரத்தில் தேர்வுக்குப் பதிவு செய்தோம். அந்தத் தேர்வின் நடைமுறையையும் நான் மனப்பாடம் செய்துவிட்டேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல். பேச்சுத் தேர்வில் சிலரை ஒன்றாக உட்கார வைப்பார்கள். முதலில் அவரவர் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர், மொழி, வேலை, பொழுதுபோக்கு. பிறகு ஒரு சீட்டு எடுத்து அதில் உள்ள சொல்லை வைத்துப் பக்கத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு படச்சீட்டைக் காட்டி ஏதாவது வேண்டிக் கேட்க வேண்டும்.

ஆசிரியை அதே மாதிரி ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். சாப்பாடு, பானங்கள் என்ற தலைப்பு. செயலியில் அந்தப் பாடங்கள் முழுக்க முடித்துப் பொன்னிறத்தில் மின்னுகின்றன. மகள் திரையைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள். தண்ணீருக்குக்கூட ஜெர்மனில் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியை பொறுமையானவர். முடித்த பாடங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் எப்போது படித்தாய் என்று கேட்டார்.

மகளுக்குப் பதில் தெரியவில்லை. பதில் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி ஒளிக்கவில்லை. காலையில் போன் மேசையில் கிடந்து, இன்றைக்குப் பாடம் செய்யவில்லையே, சுடர் அணைந்துவிடுமே என்று கூப்பாடு போடுமாம். பிள்ளை உயிரைக் கொடுத்து ஏற்றிய எண் போய்விடக்கூடாதே என்று இவள் எடுத்துச் செய்தாளாம். போனின் பூட்டைத் திறக்கும் எண் எங்கள் கல்யாண நாள், அவளுக்குத் தெரியாதா. ஆங்கிலம் பன்னிரண்டாவது வரை படித்தவள், ரொட்டியும் பாலும் எந்த மொழியில் வந்தாலும் சமாளித்துவிட்டாள். அசந்து கிடந்த மகள் பாடம் முன்னே போயிருப்பதைக் கவனிக்கவே இல்லை. நாளடைவில் மனைவி ரசித்தும் செய்திருக்கிறாள். செயலி வைக்கும் வாரப் பந்தயத்தில் முகம் தெரியாத யாரோ ஒரு பிரேசில்காரரை முந்தியதாகச் சொன்னாள். சீட்டுக்கட்டுச் செயலியையும் விடவில்லை. அவளுக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் தெரிந்தது, தெரிந்தது என்று அழுத்தி மாதக்கணக்கில் தள்ளிவைத்திருந்தாள். மகளுக்கு வரவேண்டிய சீட்டுகள் வரவே இல்லை. பாவம் செயலி, ஒரே ஆள் என்று நம்பிவிட்டது.

"எம்மா, பரிச்சையும் நீயே போய் எழுதிட்டு வந்துருவியா?" என்றாள் மகள்.

"எண்ணு போயிரும்னுதானே தாயி செஞ்சேன். நீ அம்புட்டு அசந்து வர்றே."

"எண்ணு கெடக்கு. பேசுற பாடம் எல்லாத்துக்கும் என்ன பண்ணுனே?"

பேச்சுப் பயிற்சி வரும்போதெல்லாம் திரையில் 'இப்போது பேச முடியாது' என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் சிறிது நேரத்துக்குப் பேச்சு தவிர மற்றவை மட்டும் வரும். என் மனைவி தவறாமல் அதை அழுத்தியிருக்கிறாள். "சன்னல் தொறந்து கெடக்கு. அடுத்த வீட்டுல கேட்டா இவளுக்கு என்னமோ ஆயிப்போச்சும்பாக" என்றாள்.

மகள் கோபத்தோடு நிமிர்ந்தவள் அப்படியே தளர்ந்தாள். அவளும் அதைத்தான் செய்திருக்கிறாள். விடுமுறை நாளில் பேருந்தில், கூட்டத்தில், கூச்சத்தில். ஒரு வீட்டில் இரண்டு பேர் மாதக்கணக்கில் ஜெர்மன் படித்திருக்கிறார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எண் மட்டும் ஏறியிருக்கிறது. அலுவலகத்தில் இதற்கு நாங்கள் முன்னேற்ற அறிக்கை என்று பெயர் வைத்திருந்தோம்.

தேர்வைத் தள்ளிவைக்கலாமா என்று பார்த்தேன். மாற்றும் காலக்கெடு கடந்துவிட்டது. தவறினால் அடுத்த இடம் கிடைத்து எழுதுவதற்குள் பட்டச் சான்று முதல் காப்பீடு வரை நான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த தேதிகள் எல்லாம் சரியும். அதைவிட, அவள் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கை சரியும். அதற்கு எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்க முடியாது.

மறுநாள் மகள் செய்ததைத்தான் நான் இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. சுடரின் எண்ணை வேண்டுமென்றே அணையவிட்டாள். சீட்டுக்கட்டில் எல்லாச் சொல்லையும் புதிது என்று திருப்பி வைத்தாள். அம்மாவின் போனில் அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தாள். பிறகு கம்பெனியில் கழித்துப் போட்ட பட்டாசுப் பெட்டி அட்டைகளைக் கொண்டுவந்து சின்னச் சின்னதாக வெட்டினாள். ஒரு பக்கம் லேபிள் படம். வெற்றுப் பக்கத்தில் ஜெர்மன் சொல்.

"அம்மா, இனி நீதான் எனக்குப் பக்கத்து ஆளு. நான் கேப்பேன், நீ சொல்லணும். சன்னலை நல்லாத் தொறந்து வையி" என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஜெர்மன் கேட்டது. காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று மகள் கேட்பாள். இட்லி என்று மனைவி சொல்வாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மனைவி விழித்தால் மகள் கேள்வியை உடைத்துச் சின்னதாக்கிக் கேட்பாள். அதுவும் நடக்காவிட்டால் இதா, அதா என்று இரண்டைக் காட்டிக் கேட்பாள். என்னைத் தேர்வாளராக உட்கார வைத்தார்கள். ஒன்றும் புரியாமல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. அதில் எனக்கு நல்ல பழக்கம். அடுத்த வீட்டுக்காரர் வந்து, வீட்டில் சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனார். "வாங்க, உக்காருங்க, நீங்களும் ஒரு சீட்டு எடுங்க" என்றாள் மனைவி. கூச்சமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

தேர்வுக்குச் சென்னை வரை நானும் போனேன். கீழே காத்திருந்தேன். வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுத்து பரவாயில்லை என்றாள். பேச்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாளாம். அவன் உறைந்துவிட்டான். விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் இவளுக்கு நட்டமில்லை. இவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்றாளாம். அப்போதும் அவன் விழிக்க, தூங்குவீர்களா, படம் பார்ப்பீர்களா என்றாளாம். தூங்குவேன் என்று அவனுக்கு வாய் திறந்துவிட்டது. தேர்வாளர்களில் ஒருவர் சிரித்தாராம்.

"அப்படியெல்லாம் ஒதவலாமா? விதியில இருக்கா?" என்றேன். பழக்கதோஷம்.

"நான் பதில் சொல்லிக் குடுக்கலப்பா. கேள்வியைத்தான் மாத்திக் கேட்டேன். பேசுறதுன்னா அதானே" என்றாள்.

முடிவு இணையத்தில் வந்த நாள் அவள் கம்பெனிக்குள் இருந்தாள். போன் மேசையில் இருந்தது. என் மனைவி அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அவள் வரும்வரை அந்தப் போனைச் சுற்றிச் சுற்றி வந்தோம். வந்தவள் கையைக்கூடக் கழுவாமல் திறந்து பார்த்தாள். தேறியிருந்தாள். நான்கு பகுதிகளில் பேச்சில்தான் மதிப்பெண் அதிகம்.

அவள் திரையை அம்மா பக்கம் திருப்பினாள். மனைவி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை நிதானமாகப் பார்த்தாள்.

"இது யாரு எண்ணு தாயி?" என்றாள்.

"முழுக்க என்னுதும்மா."

"அப்பச் சரி" என்றாள் என் மனைவி. நான் விசாக் கோப்பை எடுத்துவர எழுந்தேன். எதற்கோ மூக்குக் கண்ணாடியைத் துடைக்கவும் வேண்டியிருந்தது.