பச்சைச் சுவரில் பூத்த உப்பு

என் சகலை மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மழுப்ப வேண்டியதில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். என்னைவிட ஏழு வயது இளையவன். இரண்டு பேருக்கும் ஒரே தொழில், சுவருக்கு வெள்ளையடிப்பது. திருச்செங்கோட்டைச் சுற்றிலும் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் நார் மட்டையும் சுண்ணாம்பு வாளியுமாக நான்தான் போய் நிற்பேன். மேட்டூரில் அணை கட்ட ஆரம்பித்தபோது அவன் அங்கே போனான். அதிகாரிகளின் வீடுகளுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கும் கூட்டத்தில் சேர்ந்தான். நான்கு வருஷம் கழித்துத் திரும்பியபோது கக்கத்தில் மயிர் பிரஷ்ஷுகளும், வாயில் "ரெண்டாங் கோட்டு" என்ற வார்த்தையும் இருந்தன. அதற்குப் பிறகு ஊரில் என்னை யாரும் முதலில் கூப்பிடவில்லை.

மாமனார் வீட்டுக்குப் போனால் அவனுக்குப் பாய், எனக்கு முக்காலி. என் மனைவி வேறு, "அவருக்கென்னங்க, பெயிண்டு அடிச்சா செவுரு கண்ணாடியாட்டம் மின்னுதாமா" என்பாள். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஐப்பசியில் எங்கள் ஊர் நூல் வியாபாரி ஒருவர் புது வீடு கட்டி முடித்தார். பழைய வீட்டுக்கு வருஷா வருஷம் வெள்ளையடித்தவன் நான். ஆனாலும் புது வீட்டுக் கூடத்துக்கு என் சகலையைக் கூப்பிட்டனுப்பினார். தையில் மகளுக்குக் கல்யாணம். கூடத்துச் சுவர்களில் தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பச்சைப் பெயிண்ட், அதற்கு மேலே வெள்ளை. அதுதான் அப்போது நாகரிகம். இந்த வேலை பிடித்திருந்தால் மலையடிவாரத்தில் தான் கட்டுகிற சத்திரம் முழுவதையும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டு கட்டுச் சத்திரம், ஒரு வருஷ வேலை. அதைப் பிடித்தவன்தான் இனிமேல் இந்தப் பக்கத்தில் மேஸ்திரி.

என்னையும் வரச்சொல்லியிருந்தார், வெள்ளைக்கு. இரண்டு பேரும் கூடத்தில் நின்றோம். கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் காய்ந்திருந்தது. நாலு சுவரிலும் தரையோரமாக வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பூஞ்சை போல இருந்தது, தொட்டால் பொடிப் பொடியாக உதிர்ந்தது.

வியாபாரி முகம் சுளித்தார். "ஏனுங்க மேஸ்திரி, புதுச் செவுத்துல பூஞ்சக்காளானா?"

என் சகலை கொஞ்சம் வழித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டான். கரைந்து போனது. "காளான் கரையாதுங்க. இது உப்பு பூத்திருக்குதுங்க. சுண்ணாம்புக் கல்லை நீத்தறதுக்கு எந்தக் கெணத்துத் தண்ணிங்க?"

"இந்தக் கொல்லைக் கெணறுதான்."

"அது உப்புத் தண்ணிங்களே. செங்கலும் களர் மண்ணுல அறுத்ததாட்டம் இருக்குது. உப்பு உள்ள இருக்குதுங்க. செவுரு காயறப்ப தண்ணி வெளிய வரும், உப்பையும் இழுத்துக்கிட்டு வரும். தண்ணி காத்துல போயிரும், உப்பு இங்கயே நின்னுக்கும்."

"இப்ப என்ன பண்றது?"

"ஈரத்துணி வெச்சுத் தொடைக்கப்படாதுங்க. தொடைச்சா கரைஞ்சு மறுபடி உள்ளயே போயிரும். காஞ்ச மட்டையில தேய்ச்சு, கீழ சாக்கு விரிச்சு, உதுந்ததையெல்லாம் அள்ளி வெளிய கொட்டோணும். பூக்கப் பூக்கத் தேய்ச்சுக்கிட்டே இருக்கோணும். கல்யாணத்துக்கு மெல்லிசா சுண்ணாம்பு மட்டும் அடிச்சுக்கலாங்க, அது செவுத்துக்கு மூச்சு உடும். பெயிண்டை அடுத்த கோடை தாண்டிப் பாத்துக்கலாங்க. எண்ணெய் அடிச்சு மூடிட்டா உப்பு உள்ள இருந்து முட்டும்."

வியாபாரியின் முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சேலத்துக்காரர்கள், பச்சைப் பெயிண்ட் பார்த்தவர்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? முப்பது வருஷமாகச் சுவர் பார்க்கிறவன் நான். உப்புச் சுவரில் சுண்ணாம்பு நிற்காமல் ஏடாக உரிந்ததை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் என் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றுதான்: அவன் வேண்டாம் என்கிறான், வேலை காலியாக இருக்கிறது.

மறுநாள் காலையில் தனியாகப் போனேன். "எட்டு நாள்ல முடிச்சுத் தாரனுங்க" என்றேன்.

"உங்க சகலை ஆகாதுன்னாரே?"

"மேட்டூர்ல பத்துப் பேரு செய்யற வேலையைப் பாத்துட்டு வந்தவனுங்க. நம்ம ஊர்ச் செவுரு அவனுக்கு என்ன தெரியும்."

சொல்லும்போது இனித்தது. அந்த இனிப்புக்காகவே இன்னொரு தடவை கூடச் சொல்லியிருப்பேன்.

செய்தேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் கழுவினேன். ஈரச் சுவரில் உப்பு மாயமாக மறைந்தது. காய்ந்ததும் அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு கரைத்தேன். எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு கையில் ஒட்டாமலிருக்கக் கஞ்சியும் ஒரு கைப்பிடி உப்பும் போடுவது வழக்கம். என் அப்பா போட்டார், நானும் போட்டேன். உப்பால் நொந்துகொண்டிருந்த சுவருக்கு மேலும் உப்பை வாரிப் பூசுகிறோம் என்று அப்போது ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. தோன்றியதைத் தள்ளிவிட்டேன். உப்புப் போடாமல் கரைப்பது அவன் பழக்கம். அவனைப் போலச் செய்வதற்கு நான் இங்கே வரவில்லை.

சேலத்திலிருந்து பெயிண்ட் டப்பாக்கள் வந்தன. எண்ணெய்ப் பெயிண்ட் நான் தொட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பூச்சு. மார்கழி பாதியில் கூடம் வாழையிலை போலப் பளபளத்தது. வியாபாரி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சத்திரமும் உங்களுக்குத்தானுங்க மேஸ்திரி" என்றார். அன்றைக்கு வேண்டுமென்றே என் சகலை வீட்டு வழியாக நடந்து வந்தேன். அவன் வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். "நல்லா வந்துச்சுங்களா அண்ணா?" என்று கேட்டான். பொறாமை அவன் முகத்தில் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு வடக்குச் சுவரில் பச்சை லேசாக உப்பியது, அப்பளம் பொரிகிற மாதிரி. விரலால் அழுத்திப் பார்த்தேன், படிந்தது. சரி என்று விட்டுவிட்டேன். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் அந்தச் சுவரில்தான் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எழுந்தபோது ஒவ்வொருவர் சட்டை முதுகிலும் பச்சை ஏடுகள், அவற்றோடு வெள்ளைப் பொடி. சம்பந்தி தன் அங்கவஸ்திரத்தை உதறினார், பச்சை மழை பெய்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். வியாபாரி சிரிக்கவில்லை. பந்தியில் உட்காராமல் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுவீடு முடிந்ததும் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் போகும்போதே என் சகலை வந்திருந்தான். வெளியே போய் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். வடக்குச் சுவரில் ஒரு ஏட்டை நகத்தால் நெம்பினான். அடியில் பஞ்சு மாதிரி உப்பு. மற்ற மூன்று சுவர்களும் இன்னும் பளபளவென்றுதான் நின்றன.

வியாபாரி என்னைப் பார்க்காமல் அவனைக் கேட்டார். "யாரு தப்பு?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "இந்தச் செவுத்துல ஓதம் ஏறுதுங்க, அடியிலிருந்து ஈரம். பெயிண்ட் அடிச்சவரு மேல மட்டும் பழி போடறதுக்கில்லீங்க. நானே அடிச்சிருந்தாலும் இங்க நின்னிருக்காது. ஏனுன்னா..."

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. இவன் என்னைக் காப்பாற்றுகிறான். எல்லோர் முன்னாலும் எனக்குப் பிச்சை போடுகிறான். இனி சாகும்வரை மாமனார் வீட்டுப் பாயில் இவன் உட்கார, இவன் பெருந்தன்மையால் பிழைத்தவனாக நான் முக்காலியில் உட்கார வேண்டும். அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பொய்யுங்க" என்றேன். "அவன் வேண்டாம்னான். எனக்கும் தெரியும். தெரிஞ்சே தண்ணி ஊத்திக் கழுவுனேன். சுண்ணாம்புல உப்பும் போட்டேன். அவனுக்கு இந்த வேலை கெடைச்சிரக்கூடாதுன்னு வயித்தெரிச்சல்ல செஞ்சேன்."

வியாபாரி என் பக்கம் திரும்பினார். "ஒத்துக்கற மனசு எல்லாருக்கும் வராது" என்றார். ஊரிலும் பிறகு அப்படித்தான் சொன்னார்கள். என் மனைவிகூடப் பெருமைப்பட்டாள். அது நேர்மை இல்லை. அதுவும் பொறாமைதான். அவனுக்குக் கடன்பட்டு நல்ல பெயர் வாங்குவதைவிட, நானே என் பெயரைக் கெடுத்துக்கொள்வது மேல் என்று பட்டது, அவ்வளவுதான். நல்ல மனசு என்றாரே ஒழிய, சத்திர வேலையை அங்கேயே என் சகலைக்குச் சொல்லிவிட்டார்.

அவன் சுவருக்கு வழி சொன்னான். பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். கோடை முழுக்கக் காயவிட்டு, பூக்கும் உப்பை உலர்ந்த மட்டையால் தேய்த்து வெளியே கொட்ட வேண்டும். பிறகு நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து வண்டியில் கொண்டுவந்த தண்ணீரில், உப்புப் போடாத சுண்ணாம்பு. இரண்டு மாதம் பார்த்து, உப்பு தலைகாட்டாவிட்டால் அப்புறம் பெயிண்ட்.

திரும்பும்போது இருவரும் சேர்ந்துதான் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஏனுங்க அண்ணா, நான் ஒண்ணும் உங்களுக்காகப் பொய் சொல்லலீங்க."

"பின்னே?"

"வடக்குச் செவுத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்தீங்களா? கல்யாணத்துக்கு வந்தவங்க குளிக்கற தண்ணி போறதுக்குன்னு மார்கழியில புதுசா சலதாரை கட்டியிருக்காங்க. தண்ணி போக வழியில்லாம செவுத்தோரமே குட்டையா நிக்குது. அதான் அந்த ஒரு செவுரு மட்டும் இப்பவே பொரிஞ்சிருக்குது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க உடல. நீங்க அத்தனையும் சொன்னதுக்கப்புறம் அதைச் சொன்னா, உங்களுக்காகக் கட்டி உடறேன்னு நெனைச்சுக்குவாரு. நாளைக்கு வந்து சலதாரையைத் திருப்பி உடச் சொல்றேன்."

நான் நின்றுவிட்டேன். "மத்த மூணு செவுரும்?"

"அது உப்புதானுங்க. எப்படியும் உரியும். ஆனா சித்திரை வெயில் வரைக்கும் நின்னிருக்கும். அதுக்குள்ள சத்திரத்துல கால்வாசி வேலையை முடிச்சிருப்பீங்க."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, கணக்கைப் பார்த்துச் சொன்னான். என்மேல் அவன் இரக்கப்படவே இல்லை, சுவரைத்தான் பார்த்திருக்கிறான். சத்திரம் கையைவிட்டுப் போனதற்காக நான் வருந்தியிருக்க வேண்டும். ஆனால் அங்கே நடுரோட்டில் நின்றபோது என் வயிறு எரிந்தது அதற்கில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் நின்ற தண்ணீரை நான் போய்ப் பார்க்கவில்லை, அவன் பார்த்தான்.