ஆறாம் நம்பர் கட்டம்

புனேவுக்கு வந்து ஐந்தாறு வருஷம் ஆன பிறகுதான் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். கணவருக்கு ஐடி வேலை. நானும் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கையேடுகள் எழுதிக்கொண்டிருந்தேன். புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எழுத்து வேண்டாம், கேட்டுப் புரிந்துகொண்டு பதில் பேசினால் போதும் என்றார்கள். சரி என்றேன்.

எட்டுப் பேர் வந்தார்கள். பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள், மீதிப் பேர் தமிழ்க் குடும்பங்களோடு சம்பந்தம் வைத்த மராத்திக்காரர்கள். அதில் ஒரு அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோர்படி ரயில்வே குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். நாங்கள் எல்லாரும் அவரை மராத்தி வழக்கப்படி, சித்தி என்ற அர்த்தத்தில், காகூ என்று கூப்பிட்டோம். அவருடைய ஒரே மகள் கோயமுத்தூர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்தாள். அவளுக்கு ஆறாவது மாசம். பிரசவத்துக்குக் காகூ போய் மூன்று மாதம் தங்கவேண்டும். சம்பந்தி வீட்டில் தமிழைத் தவிர வேறு பாஷை கிடையாது.

"எல்லாத்துக்கும் மாப்பிள்ளையை எதிர்பார்த்துட்டு உட்கார முடியாது டீச்சர்," என்று முதல் நாளே இந்தியில் சொன்னார். "மருந்துக்கடைக்கும் காய்கறிக்கடைக்கும் நானே போய்ட்டு வரணும்."

அவருக்காகவே வழி கேட்பது, வழி சொல்வது என்ற பாடத்தைக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்தேன். பயிற்சித்தாள் எல்லாம் நானே தயாரித்ததுதான். ஒரு சின்ன ஊரின் வரைபடம்: நடுவில் மெயின் ரோடு, இரண்டு பக்கமும் குறுக்குத் தெருக்கள், தெருவில் வெறும் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நம்பர். நான் பேசிப் பதிவு செய்ததை இரண்டு தடவை ஓடவிடுவேன். கேட்டுக்கொண்டே அவர்கள் பென்சிலால் வழியைக் கோடு போட்டு, கேட்ட இடம் எந்த நம்பர் என்று எழுதவேண்டும். 'நேராப் போங்க', 'திரும்புங்க', 'தாண்டி', 'எதிர்ல', 'பக்கத்துல' என்று ஏழெட்டுச் சொற்கள்தான். லெப்ட் ரைட் என்று வைப்பதா, இடது வலது என்று வைப்பதா என்று மட்டும் ரொம்ப நேரம் யோசித்தேன். ஊரில் யாரும் இடது என்று சொல்வதில்லை. ஆனாலும் தமிழ் வகுப்பு என்று பேர் வைத்துவிட்டோமே என்று இடது வலதையே வைத்தேன்.

முதல் இரண்டு தாளிலும் கிளம்பும் இடம் படத்தின் அடியில் இருந்தது. மேலே பார்த்துப் போகவேண்டும். எல்லாரும் நன்றாகவே செய்தார்கள். மூன்றாவது தாளில் ஒரு மாறுதலுக்கு பஸ் ஸ்டாண்டைப் படத்தின் உச்சியில் வைத்தேன்.

"பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராப் போங்க. ரெண்டாவது தெருவில் இடது பக்கம் திரும்புங்க. ரெண்டாவது கட்டடம்தான் தபால் நிலையம்."

எல்லாரும் மூன்று என்று எழுதியிருந்தார்கள். என் விடைத்தாளிலும் மூன்றுதான். காகூ மட்டும் ஆறு என்று எழுதியிருந்தார். அவர் படத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலை நகர்த்தியதை நான் பார்த்திருந்தேன்.

"காகூ, இடதுன்னா டாவீகடே. நீங்க வலது பக்கம் போய்ட்டீங்க பாருங்க," என்றேன். அவர் தாளைப் பார்த்தார், தன் இடது கையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேப்பரைத் திருப்பினா குழப்பம்தான் வரும். நேராவே வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன். கேட்டிருக்கலாம், ஏன் ஆறு என்று. கேட்கவில்லை. கோபமாக எதுவும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மற்றவர்களும் சிரித்தார்கள். காகூ ரப்பரால் ஆறை அழித்து மூன்று என்று எழுதினார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. ஊருக்குப் போகுமுன் வீட்டில் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பேச்சுப் பயிற்சி. இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவேண்டும். ஒருவர் தாளில் நான்கு இடங்களுக்குப் பேர் இருக்கும், மற்றவர் தாளில் அதே நான்கும் காலிக் கட்டம். இவர் கேட்டு, அவர் சொல்லி, காலியை நிரப்பவேண்டும். கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். ஊர் அதே ஊர். தபால் நிலையத்தை என் விடைப்படி மூன்றாம் கட்டத்தில் அச்சடித்திருந்தேன்.

வழி சொல்லவேண்டிய பெண் வங்கியில் வேலை பார்ப்பவள். புனேயிலேயே பிறந்தவள். தினமும் ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றுகிறவள். அவள் பேனா மூடியைப் படத்தின் உச்சியில் வைத்து, வண்டி ஓட்டுவதுபோலக் கீழே தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டாவது தெருமுனையில் மூடி நின்றது.

"அக்கா, ஒரு மினிட்," என்றாள். "நான் மேலேர்ந்து வரேன் இல்ல? இந்தத் தெருவுக்குள்ள போகணும்னா ரைட்டு தானே எடுக்கணும்?"

"இல்லம்மா, அது இடது," என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன். பேனா மூடி என்னைப் பார்த்தபடி நின்றது. அதன் மேல் நான் உட்கார்ந்திருந்தால் என் இடது கை எந்தப் பக்கம் இருக்கும்? படத்தின் வலது பக்கம். ஆறாம் நம்பர் பக்கம்.

நான் தாளின் இடது பக்கத்தை நடப்பவரின் இடது பக்கம் என்று எடுத்துக்கொண்டு விடை போட்டிருக்கிறேன். முந்தைய தாள்களில் இரண்டும் ஒன்றாக இருந்ததால் தெரியவில்லை. மற்றவர்களும் என்னைப்போலத் தாளைப் பார்த்தார்கள். காகூ ஒருத்தர்தான் அந்தத் தெருவில் நடந்தார்.

வகுப்பில் உள்ளவர்களிடம் அங்கேயே சொன்னேன். "போன வாரம் காகூ எழுதினதுதான் சரி. நம்ம எல்லாரும் தப்பு. முதல் தப்பு என்னுது." வங்கிப் பெண், "அய்யோ, நாம சிரிச்சோம்ல," என்று நெற்றியில் கைவைத்தாள்.

போனில் சொல்ல மனசு வரவில்லை. அன்று மாலையே கோர்படிக்கு ஆட்டோ பிடித்தேன். கட்டட எண் மட்டும் இருந்தது. மூன்று பேரிடம் கேட்டு, ஒரு தடவை திரும்பி வந்து, மாடி ஏறினேன். காகூ கதவைத் திறந்து, "அரே, டீச்சர்!" என்று திகைத்தார். உள்ளே ரயில்வேயில் ஓய்வுபெற்ற அவர் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

டீயும், மைதாவில் பொரித்த சங்கர்பாளியும் வந்தன. ஏன் வரவில்லை என்று கேட்டேன். தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னார்: "இந்த வயசுல மண்டையில ஏறாது டீச்சர். பேப்பரைத் திருப்பாம எனக்குப் பார்க்கத் தெரியல. மத்தவங்க யாருமே திருப்பல. சின்னக் குழந்தை மாதிரி நான் மட்டும்... அங்க போயும் மாப்பிள்ளை கையைப் பிடிச்சுட்டேதான் நடக்கணும்போல. அதான் விட்டுட்டேன்."

நான் பையிலிருந்து தாளை எடுத்து டீப்பாயில் விரித்தேன். "காகூ, நீங்க எழுதின ஆறுதான் சரி. நான் போட்ட விடை தப்பு. உங்ககிட்ட மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

அவருக்குப் புரியவில்லையோ என்று மராத்தியில் எனக்குத் தெரிந்த அளவுக்கு மறுபடி சொன்னேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, தலைகீழாகத் திருப்பி, விரலால் மெதுவாக நடந்தார். இரண்டாவது தெரு. டாவீகடே. இரண்டாவது கட்டடம். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அஹோ, கேட்டீங்களா? எனக்குச் சரியாத்தான் வந்திருக்கு! டீச்சருக்குத்தான் தப்பு!"

கணவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "ரெண்டு ராத்திரி சரியாச் சாப்பிடல இவ," என்றார் அவர், குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல். அதைக் கேட்டு எனக்குத்தான் கண் கலங்கியது. காகூ அதைக் கவனித்துவிட்டு, "போகட்டும் போகட்டும்," என்று என் தட்டில் இன்னும் இரண்டு சங்கர்பாளியை வைத்தார்.

அதற்குப் பிறகு தாள்களை மாற்றி எழுதினேன். கிளம்பும் இடத்தில் ஒரு ஆள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று அம்புக்குறி போட்டேன். கோடு போடுமுன் தாளை அந்தத் திசைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள் என்பது இப்போது முதல் வரி. இன்னொன்றும் செய்தேன். கோபியிலிருக்கும் என் தம்பியிடம் கடைத்தெருவுக்குப் போகும் வழியை எப்போதும் பேசுவதுபோலப் பேசி அனுப்பச் சொன்னேன். லெப்ட்டும் ரைட்டும் 'சோத்தாங்கைப் பக்கமுங்க'வும் கலந்து, பின்னால் லாரி ஹாரன் சத்தத்தோடு வந்தது அது. கேட்டதும் வகுப்பே மிரண்டது.

"இவர் ரொம்ப வேகம்," என்றார் மறுபடி வகுப்புக்கு வரத் தொடங்கியிருந்த காகூ.

"அப்ப அவர்கிட்ட என்ன சொல்லணும்?"

"மெதுவா சொல்லுங்க," என்றார். பிறகு தானாகவே சேர்த்துக்கொண்டார்: "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அவரும் வங்கிப் பெண்ணும் முதுகோடு முதுகு உட்கார்ந்து பேசினார்கள். காகூ வழி சொன்னார். "நேரா போங்க. கோயில் வரும். தாண்டுங்க. இடது... இல்ல இல்ல, வலது. பேக்கரி எதிர்ல." நான்கு கட்டமும் பொருந்தியது. வங்கிப் பெண் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

கோயமுத்தூர் போய்ப் பத்து நாள் கழித்துக் குரல் செய்தி ஒன்று அனுப்பினார். மகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துபோயிருக்கிறது. மாப்பிள்ளை ஆபீசில். காகூ தனியாகக் கிளம்பி, தெருமுனையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மருந்துக்கடை எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா, "இப்படியே போனீங்கன்னா ஒரு பேக்கரி வருமுங்க, அங்க போய்க் கேளுங்க," என்றாராம். பேக்கரிக்காரர், "அந்த முக்குல இன்னொரு பேக்கரி இருக்குதுங்க, அங்க கேட்டீங்கன்னா சொல்லிருவாங்க," என்றாராம்.

"டீச்சர், உங்க பேப்பர்ல இது இல்லவே இல்ல," என்று சிரித்தார். தமிழும் இந்தியும் கலந்த பேச்சு. "ரெண்டாவது பேக்கரில ஒரு பொண்ணு கடையை விட்டு இறங்கி வந்து, என்கூடவே நடந்து, மருந்துக்கடையைக் காட்டிட்டுப் போச்சு. எந்த ஊருன்னு கேட்டுச்சு. புனேன்னேன். தமிழ் நல்லாப் பேசறீங்கன்னு சொல்லிச்சு."

அந்தச் செய்தியை வகுப்பில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். பிறகு அவர் அனுமதியோடு அதையே ஒரு கேட்டல் பயிற்சியாக வைத்தேன். அதற்கு வரைபடம் கிடையாது. மருந்துக்கடையைக் கண்டுபிடிக்க அவர் எத்தனை பேரிடம் பேசினார் என்பது மட்டும்தான் கேள்வி.