தண்ணிக்குக் கழித்த சளி

எனக்கு முன்கோபம். தொண்ணூறுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாப் பக்கத்து மார்பு நோய் நிலையத்துக்கு ஆய்வுகூட வேலைக்கு வந்தேன். அந்தக் குளிரிலும் என் வாய் மட்டும் சூடாகவே இருக்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பண்ணுவார்கள். என் கோபத்துக்குப் பெரும்பாலும் எச்சில்தான் காரணம். சளி கொண்டுவரச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் எச்சிலைக் கொண்டுவருவார்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க, சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் காசநோய்க் கிருமிகளைத் தேடி, கடைசியில் பார்த்தது வெறும் துப்பல் என்று தெரிந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பல வருஷம் கழித்து கார்ட்ரிட்ஜ் மெசின் வந்தது. காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்ற இரண்டையும் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். இனி எச்சிலோடு மல்லுக்கட்டத் தேவையில்லை என்று நானும் சந்தோஷப்பட்டேன். மெசினுக்கும் சளிதான் வேண்டும் என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

அந்த நாட்களில்தான் கந்தப்பளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய புருஷன் கொழும்பில் கடையில் வேலை செய்தபோது காசநோய் வந்து, சுகமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையைப் பாதியில் விட்டவன். இப்போது ரிஃபாம்பிசின் கேட்காத கிருமியோடு தூரத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்தான். இவளுக்கும் இருமல் தொடங்கியிருந்தது. இவளுக்கும் அதே கிருமி என்றால் இவளும் அங்கே போய்ப் படுக்க வேண்டும். சாதாரணக் காசநோய் என்றால் வீட்டிலிருந்தே ஆறு மாதம் மாத்திரை குடிக்கலாம். வீட்டில் மூன்று வயது மகள் இருந்தாள்.

அவள் நீட்டிய சளிக் கோப்பையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"என்ன தங்கச்சி இது? ஒரு தேக்கரண்டி அளவு சளி போதும். நீ குளத்தையே கொண்டுவந்திருக்கிறாய்!"

"நேத்து அந்தியில இருந்து சேத்தேங்க மிஸ். கொறஞ்சா திருப்பி அனுப்பிருவீங்கன்னு பயந்துகிட்டு..."

என் கோபம் அப்படியே அமர்ந்துவிட்டது. பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைநாள் கூலி என்று ஆயுள் முழுக்கக் கேட்டு வளர்ந்தவள், கோப்பையைக் குறையாகவா கொண்டுவருவாள்? அதில் பெரும்பகுதி எச்சில். நடுவே நூல் போலக் கொஞ்சம் சளி மிதந்தது. ஒரே தடவைக்குத்தான் உதவும் கார்ட்ரிட்ஜின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நூலை விட மனம் வரவில்லை. அதை எடுத்து, இரண்டு மடங்கு கரைசலை ஊற்றிக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்தேன். இடையிலும் ஒருமுறை குலுக்கினேன். கட்டிச்சளி இளகி நீராகிவிடும், கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும். பிறகு கார்ட்ரிட்ஜில் விட்டு மெசினுக்குள் வைத்து மூடினேன்.

அதற்குப் பிறகு நமக்கு வேலையில்லை. கிருமியை வடித்து, கழுவி, அதிரவைத்து உடைத்து, உள்ளிருக்கும் மரபணுவில் ஒரு துண்டைப் பல்லாயிரம் மடங்காகப் பெருக்குவதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே நடக்கும். ரிஃபாம்பிசின் வேலை செய்கிற இடத்தை ஒளிரும் ஐந்து துணுக்குகள் தேடிப்போய் ஒட்டும். ஐந்தும் ஒழுங்காக ஒட்டினால் மருந்து கேட்கும். ஒன்று ஒட்டாமல் போனாலோ பிந்தி ஒட்டினாலோ கேட்காது என்று எடுத்துக்கொள்வோம். கிருமி மிகக் குறைவாக இருந்தால் மெசினும் கையை விரித்துவிடும்.

அன்றைக்குக் கையைத்தான் விரித்தது. காசநோய் இருக்கிறது, மிகக் குறைவு, ரிஃபாம்பிசின் பற்றிச் சொல்ல இயலாது என்று வந்தது.

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவளிடம் போய்ச் சொன்னேன். "திரும்பவும் சளி தர வேணும்."

அவள் முகம் சுருங்கியது. "இவ்வளவு கொண்டாந்தும் பத்தலீங்களா?"

"மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது என்ன செய்வார்கள்?"

"தண்ணிக்குன்னு கழிப்பாங்க."

"அதேதான். எச்சில் எல்லாம் தண்ணி. அதைக் கழித்தால் உன் கோப்பையில் ஒன்றுமே இல்லை. நெஞ்சுக்குள் இருந்து வருகிற கட்டிதான் எனக்குக் கொழுந்து."

அவள் சிரித்தாள். நோய் வந்த நாள்முதல் சிரித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். வாயை வெறும் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, திறந்த வெளிக்குக் கூட்டிப்போனேன். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு காற்று வருகிற பக்கமாக நின்றேன். மூச்சை ஆழ இழு, கொஞ்சம் பிடி, அடி நெஞ்சிலிருந்து இருமு என்று செய்தும் காட்டினேன். அவளுக்கு வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு விழுங்கினாள்.

"ஏன் விழுங்குகிறாய்?" என்று அதட்டினேன்.

"லயத்துல எல்லாம் ஒட்டுன வீடுங்க, சுவத்துக்கு அந்தப்பக்கம் இருமுனாக்கூட கேக்குங்க மிஸ். புருசனுக்கு வந்த சீக்கு இவளுக்கும்னு பேசுவாங்க. புள்ளையும் முழிச்சுக்கும். அதனால முழுங்கி முழுங்கியே பழகிருச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "மலை ஏறுறப்பதான் அடக்க முடியாம வரும்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்கு ஏறும் படிகள் இருந்தன. "அப்படியென்றால் ஏறு" என்றேன். கோப்பையை மடியில் செருகிக்கொண்டு, கூடையில்லாத குறை ஒன்றுதான், கொழுந்து மலைக்கு ஏறுவதுபோலவே ஏறினாள். நானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் தள்ளி ஏறினேன். உச்சிக்குப் போனதும் அவளைப் பிடித்து உலுக்கியதுபோல இருமல் வந்தது. அங்கே சுவர் இல்லை, கேட்பதற்கு நான் மட்டும்தான். குனிந்து, அடக்காமல், ஆசை தீர இருமினாள்.

கோப்பையின் அடியில் மஞ்சளாகக் கெட்டிச்சளி. தேக்கரண்டியில் முக்கால் கூட வராது. அதை மறைப்பதுபோல நீட்டினாள்.

"கொஞ்சூண்டுதாங்க வந்துச்சு."

"தங்கம்" என்றேன். சளியைப் பார்த்து அப்படிச் சொன்னது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

இரண்டாவது கார்ட்ரிட்ஜ் ஓடி முடிகிறவரை நான் தேநீர்கூடக் குடிக்கவில்லை. இந்த முறை கிருமி தாராளமாகவே இருந்தது. ஐந்து துணுக்குகளும் ஒட்டியிருந்தன. ரிஃபாம்பிசின் கேட்கும்.

டொக்டர் சிங்களமும் தமிழுமாக அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல் மாத்திரை. மகளையும் கூட்டிவந்து காட்ட வேண்டும். அவள் மாத்திரைப் பொதியோடு நேராக என்னிடம் வந்தாள்.

"புள்ளைய விட்டுட்டுப் போக வேணாந்தானே மிஸ்?"

"வேண்டாம்."

போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

"அப்ப இது அவருகிட்ட இருந்து வந்தது இல்லதானே? அவரு கிருமி வேற, எங் கிருமி வேற."

ஆம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவனுடைய கிருமி மருந்துக்கு அடங்கியிருந்த ஆரம்பக் காலத்திலேயே இவளுக்குத் தொற்றியிருக்கலாம். வேறு யாரிடமிருந்தும் வந்திருக்கலாம்.

"யார் தந்தது என்று மெசின் சொல்லாது, தங்கச்சி."

"அவருதான்னும் சொல்லலதானே?"

"இல்லை. அப்படியும் சொல்லவில்லை."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. வாசலுக்குப் போய்ச் சட்டைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்னங்க, நாந்தான். எனக்கு இருமல் வந்தப்ப ஒங்கள ஏசுனத மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு மாத்திரை கேக்குமாம், புள்ளையோடயே இருக்கலாமாம். நீங்கதான் குடுத்தீங்கன்னு மெசின் சொல்லலையாம். கேக்குதாங்க? அழுவாதீங்க. ஒங்க மாத்திரைய விடாம குடிங்க."