வீரையனை நிற்கவைத்த விளம்பரம்

வீரையன் மறுபடியும் துண்டை இடுப்பில் கட்டிவிட்டாராம். பண்ணை நடராசன் வீட்டு முன்கூடத்தில் கைகட்டி நின்றாராம். இதை நான் கேட்டது சிங்கப்பூரில், சிராங்கூன் சாலை ஜவுளிக்கடை ஒன்றில். சொன்னவர் அங்கே வேலைபார்க்கும் நூர்ஜஹான். அவருடைய தங்கை ஆசியா கூத்தாநல்லூரிலிருந்து கடிதத்தில் எழுதியிருந்தாள்.

"உங்க தெரு ஆளுதானே அவரு? வெவசாயச் சங்கத்து வீரையன்? ஊரே சிரிக்குதாம்."

"சும்மா கத கட்டாதீங்க. அந்த மனுஷன் செத்தாலும் அங்க போயி நிக்க மாட்டாரு."

"நின்னுட்டாருங்கறேன். பேப்பர்லயே படம் வந்திருக்காம். ஏதோ தண்ணி எறைக்கிற எஞ்சின் வெளம்பரம்."

அந்தப் படத்தை முதலில் பென்சிலால் வரைந்தவன் நான்.

வீரையன் எங்கள் தெருவில் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய அப்பா வைரக்கண்ணு பண்ணையாள். என் அப்பாவும் அப்படித்தான். பண்ணைக்காரர் எதிரில் துண்டு தோளில் இருக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம், எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். இருபத்திரண்டு வயதில் வீரையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நடராசனுடைய தகப்பனார் உட்கார்ந்திருந்த களத்தின் குறுக்கே நடந்து போனார். அன்று விழுந்த அடியில் இடது காது போயிற்று. இன்றும் அவரிடம் பேசுகிறவர்கள் வலப்பக்கம் வந்துதான் பேச வேண்டும். அடுத்த நாளும் துண்டு தோளில்தான் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒவ்வொரு தோளாகத் துண்டு ஏறியது.

பின்னால் அதே பண்ணையின் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்தார். பதினாறு வருஷம் உழுதார். கோட்டையில் எந்தக் கட்சி ஆண்டாலும் குத்தகைக்காரன் உரிமை மேடையில் முழங்கியது. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அது வயலுக்கு வரும். நடராசன் நிலத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அவன் குத்தகைக்காரன் இல்ல, என்கிட்ட கூலிக்கு நிக்கிற ஆளு" என்றார். வீரையன் தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதியச் சொல்லி மனுப்போட்டார். பெயர் ஏறினால் நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த சாகுபடிக்கு வரப்பில்கூடக் கால்வைக்க முடியாது.

இது நடந்துகொண்டிருந்தபோதுதான், நான் வேலைபார்க்கும் சிங்கப்பூர் விளம்பர ஏஜென்சியில் என் மேசைக்கு அந்த விளம்பரம் வந்தது.

ஹாலந்து நாட்டு டீசல் எஞ்சின். அவர்கள் ஊர் விளம்பரத்தில் ஒற்றை விவசாயி, சுற்றிலும் ஒரு குருவிகூட இல்லாமல் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். ‘என் வயல். என் முடிவு.’ இதை மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் பொருந்தும்படி மாற்றுவது என் வேலை. அதற்கு எங்கள் ஏஜென்சியில் ஓர் அட்டவணை இருந்தது. நாட்டுக்கு நாடு மதிப்பெண் போட்ட அட்டவணை. ஆட்கள் தங்களைத் தனியாளாக நினைப்பது எவ்வளவு, ஒரு கூட்டத்தின் அங்கமாக நினைப்பது எவ்வளவு என்பதற்கு ஓர் எண். மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கீழே இருப்பவர்கள் எந்த அளவுக்கு இயல்பென்று எதிர்பார்த்து ஏற்கிறார்கள் என்பதற்கு இன்னோர் எண். அதற்கு அதிகார இடைவெளி என்று பெயர். தனிமனிதப் போக்கில் ஹாலந்துக்கு எண்பது, இந்தியாவுக்கு நாற்பத்தெட்டு, மலேசியாவுக்கு இருபத்தாறு. அதிகார இடைவெளியில் ஹாலந்து முப்பத்தெட்டு, இந்தியா எழுபத்தேழு.

மலேசியாவுக்கு எஞ்சினைச் சுற்றி ஒரு குடும்பத்தையே நிறுத்தினேன். இந்தியாவுக்கு எழுபத்தேழைப் படமாக்கினேன். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வேலையாள் துண்டை இடுப்பில் கட்டி அவர் முகத்தைப் பார்த்து நிற்கிறான், நடுவில் எஞ்சின். ‘அய்யா சொன்னா சரியா இருக்கும்.’

மெட்ராஸில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து இரண்டு படத்தையும் காட்டினோம். ஹாலந்துப் படத்தைப் பார்த்து ஒருவர், "யாருங்க இது, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரி நிக்கிறான்?" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. என் படத்துக்கு, "இதாங்க நம்ம ஊரு" என்று தலையாட்டினார்கள். பன்னிரண்டு பேரும் எஞ்சின் வியாபாரிகள், நிலக்காரர்கள். நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் நாற்காலியைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: இந்த எண்கள் பல நாடுகளில் ஒரே கம்பெனியில் வேலைபார்த்த ஊழியர்களிடம் எடுத்தவை, நாட்டின் சராசரி, தனி ஆளுக்குப் பொருந்தாது. படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

படம்பிடிக்கக் கும்பகோணத்து ஸ்டூடியோக்காரர் போவதாக ஏற்பாடு. எஞ்சினோடு பழகிய ஆள் வேண்டும் என்றார். நானே வீரையனுக்கு எழுதினேன்: ‘அண்ணே, என் வேலைக்காக ஒரு போட்டோவுக்கு நில்லுங்க.’ எப்படி நிற்க வேண்டும் என்று எழுதவில்லை.

நூர்ஜஹான் சொன்னதும் கடையைவிட்டு நேரே தபால் நிலையம் போய், கூத்தாநல்லூர் அப்துல் ஹமீதின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டேன். எங்கள் ஊருக்கு அதுதான் போன். மறுநாள் காலை வீரையனை வரவழைத்து வைப்பதாக ஹமீது பாய் சொன்னார். மறுநாள் வீரையனே எடுத்தார்.

"அண்ணே, நான் இளையபெருமாள்."

"சத்தமாப் பேசுப்பா. ம்... சொல்லு."

"உங்கள யாருண்ணே அங்க போயி நிக்கச் சொன்னது?"

"நல்லாருக்குடா கத! நீதானே கடுதாசி போட்ட? போட்டோக்காரன், பெரிய வூடா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்னு நடராசன் வூட்டுக்கே இட்டுக்கிட்டுப் போனான். அவரு வாங்க வாங்கன்னு நாக்காலியத் தொடச்சுப் போட்டு உக்காந்துட்டாரு. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு."

"திரும்பி வந்திருக்கலாமுல்ல?"

"சிங்கப்பூருலேந்து அப்படித்தான் எழுதி வந்திருக்கு, துண்ட இடுப்புல கட்டுய்யான்னு தாளக் காட்டுனான். நம்ம தெருப் புள்ள எழுதுனது, இதுல என்ன வரப்போவுது, நாடகத்துல ராசா வேஷம் கட்டுற மாதிரிதானேன்னு நின்னேன்."

அவரே தொடர்ந்தார்.

"இப்ப அவரு வக்கீலு அந்தப் பேப்பர விசாரணையில வச்சுட்டாரு. குத்தகைக்காரன் இப்படியா நிப்பான், பாருங்கன்னு. தாசில்தாரு படத்தப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு, மறுக்காப் படத்தப் பாக்குறாரு. எம் பொண்டாட்டி அம்சவல்லி மூணு நாளா எங்கூடப் பேசல."

"நான் என்ன செய்யணும்ணே?"

"நீதான் நிக்கச் சொன்னேன்னு எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டு. செவ்வாக்கெழம கடைசி விசாரணை."

நான் வரைந்த படத்தின் நகல், ஸ்டூடியோவுக்கு அனுப்பிய குறிப்பின் நகல், ‘இந்தத் தோற்றம் முழுவதும் எங்கள் கற்பனை, இவர் நடித்தது எங்கள் வேண்டுகோளால்’ என்று என் பெயரில் ஒரு கடிதம். ஏஜென்சியின் பெயர் அச்சிட்ட தாளைக் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டார்கள். இந்த நகல்களை வெளியே அனுப்பியது தெரிந்தாலே என் வேலை அனுமதியே போய்விடும். தெரிந்தேதான் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் விமானத்தில் போன நூர்ஜஹானின் அண்ணன் கையில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீரையனிடம் நேரில் சேர்க்கச் சொன்னேன். சேர்ந்ததா என்று தெரியவில்லை.

அந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் அட்டவணையில் அதிகார இடைவெளிக்கு இருந்த விளக்கம் மறுபடி கண்ணில் பட்டது. கீழே இருப்பவர்கள் எந்த அளவுக்கு ஏற்கிறார்கள். களத்தின் குறுக்கே நடந்த மனிதரை எனக்குத் தெரியும். அவருடைய கேட்காத காதை எனக்குத் தெரியும். பொய் எழுதியது வெள்ளைக்காரன் இல்லை, நடராசனும் இல்லை.

இன்று செவ்வாய். விசாரணை முடிந்ததும் மூன்று மணிக்கு பூத்துக்கு வந்து காத்திருப்பதாக வீரையன் சொல்லியிருந்தார். ஊரில் இப்போது மணி நாலு. ஐந்தாவது தடவையாகப் பூத்தின் எண்ணைச் சுழற்றுகிறேன். ஹமீது பாய் பகலில் பூத்தைப் பூட்டியதே இல்லை. மறுமுனையில் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறது.