ஒரே பேரில் இரண்டு படங்கள்

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். நர்ஸ்கள், டாக்டர்கள், சமையல்காரர்கள் எல்லாரும் உண்டு. கம்ப்யூட்டருக்கு நான் ஒருத்திதான். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் முன்பு பஞ்சு மூட்டை போட்டு வைத்திருந்த அறை இப்போது என்னுடையது. அங்கே உட்கார்ந்தால் டெக்னீஷியன் "மூச்ச இழுத்துப் புடி, அசையாத" என்று சொல்வது நாள் முழுக்கக் கேட்கும்.

போன வருஷத்து மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, எங்கள் டாக்டரம்மா கதவருகே வந்து நின்றார். பெரும்பாலும் ஆள் விட்டுத்தான் கூப்பிடுவார். தானே வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கொஞ்சம் வாம்மா. ஒரு படம் சரியா இல்ல."

அவர் அறையில் மலையிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சாமை விதைக்கிற குடும்பம். விடாத இருமல் என்று புருஷனோடு முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறாள். அன்று எடுத்த எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் மேல்பக்கம் காசு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அது புதிதாக வந்ததா, பழைய தழும்பா என்று தெரிய வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் மலை முகாமில் இவளுக்கு ஒரு படம் எடுத்திருந்தோம். அதைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் நினைத்திருக்கிறார்.

"பழைய படத்துல திட்டே இல்ல. அப்போ இது புதுசு, வேலூருக்கு அனுப்பணும்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம்தான் இதப் பாத்தேன்" என்று திரையில் இடது காறை எலும்பைத் தொட்டுக் காட்டினார். உடைந்து கூடிய எலும்பு, முடிச்சுப் போட்டதுபோல் இருந்தது. இன்று எடுத்த படத்தில் அதே எலும்பு வழுவழுவென்று நேராக இருந்தது.

"ஏம்மா, உனக்கு எப்பவாச்சும் தோள்பட்டை எலும்பு ஒடஞ்சிதா?"

"இல்லீங்களே" என்றாள் அவள். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல என் பேர்ல இன்னொருத்தி கீறா. அவதான் புளியமரத்துல ஏறி வுழுந்தா" என்றாள்.

டெக்னீஷியனும் வந்துவிட்டார். என்ன நடந்தது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகாமில் எடுக்கிற படங்களுக்கு ஊர்ப் பேரும் ஆள் பேரும் சேர்த்துத்தான் கோப்புப் பெயர் வைப்போம். போன மாதம் அதே ஊரில் மறுபடியும் முகாம் போட்டார்கள். மரத்திலிருந்து விழுந்த பெண்ணுக்கும் மார்புப் படம் எடுத்திருக்கிறார்கள். ஊர் ஒன்று, பேர் ஒன்று, கோப்புப் பெயரும் ஒன்று. பழைய படம் இருந்த இடத்தில் புதிய படம் போய் உட்கார்ந்துவிட்டது.

"முகாம் லேப்டாப்புல இருக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

"அத அப்பவே ஃபார்மட் பண்ணிட்டோம் மேடம்" என்றார் டெக்னீஷியன். அவர் முகம் வெளுத்திருந்தது.

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா டாக்டரம்மா, எனக்கு எதுனா பெரிய வியாதியா?"

"அது இன்னும் தெரியலம்மா. அதத்தான் தேடறோம்" என்றார் டாக்டர். பொய் சொல்லித் தேற்றவில்லை. அது எனக்குப் பிடித்தது.

நான் என் அறைக்கு வந்தேன். டெக்னீஷியனும் பின்னால் வந்தார். எங்கள் படங்களெல்லாம் கிளவுடில், பக்கெட் என்று சொல்கிற ஒரு சேமிப்பு இடத்தில் இருக்கின்றன. அதில் வெர்ஷனிங் என்ற வசதியை ஆரம்பத்திலேயே போட்டு வைத்திருந்தோம். அது இருந்தால், அதே பெயரில் புதிய கோப்பு வரும்போது பழையது அழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் அதன் பின்னால் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நீளமான அடையாள எண் உண்டு. அழித்தால்கூட, அழித்ததாக ஒரு குறி மேலே விழுமே தவிர, உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

ஆனால் ஒரு விதியும் போட்டிருந்தோம். பின்னால் போன பழைய கோப்புகளை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று. டெக்னீஷியனுக்கு அது ஞாபகம் வந்தது.

"அக்கா, அது ரெண்டு வருஷத்துப் படமாச்சே. போயிருக்குமே?"

"படம் எடுத்த நாள்ல இருந்து கணக்கு இல்லீங்க. அது மேல புதுசு வந்து உக்காந்த நாள்ல இருந்துதான் கணக்கு. அது போன மாசம்தானே."

கோப்பைத் தேடி, எல்லா வெர்ஷன்களையும் காட்டு என்ற பொத்தானைத் தட்டினேன். ஒரே வரியாக இருந்தது இரண்டு வரியாக விரிந்தது. மேலே போன மாதத் தேதி. கீழே இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

டெக்னீஷியன் மூச்சை விட்டார். "மேல இருக்கறத அழிச்சிடுங்க அக்கா. கீழ இருக்கறது தானா மேல வந்துடும்."

அவர் சொன்னது சரிதான், அப்படிச் செய்தால் வந்துவிடும். ஆனால் அடையாள எண்ணோடு அழிக்கிற வெர்ஷன் திரும்பி வராது. அதற்குக் குறி எதுவும் விழாது, ஒரேயடியாகப் போய்விடும்.

"மேல இருக்கறது மரத்துல இருந்து விழுந்தவங்க படம். அவங்களுக்கும் அது ஒண்ணுதானே இருக்கு?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எதையும் அழிக்காமல், முதலில் பழைய வெர்ஷனை இறக்கித் திறந்து பார்த்தேன். ஓரத்தில் இருந்த நோயாளி எண்ணை டெக்னீஷியன் வாசிக்க, நான் பதிவில் சரிபார்த்தேன். இவளுடையதுதான். பிறகு அந்த வெர்ஷனை அவள் நோயாளி எண்ணையே பெயராக வைத்து வேறு கோப்பாக நகலெடுத்தேன். மேலே இருந்ததையும் அதேபோல் மற்றவளின் எண்ணில் நகலெடுத்தேன். இரண்டையும் திறந்து பார்த்து, காறை எலும்பு யாருக்கு எப்படி இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் டாக்டருக்குச் சொன்னேன்.

டாக்டர் அவளுடைய பழைய படத்தையும் அன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய படத்திலும் வலது மேல்பக்கம் அதே திட்டு. திரையிலேயே அளவுக் கருவியை வைத்து ஓரங்களை அளந்தார். மறுபடியும் அளந்தார். ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் குடையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளரவே இல்ல" என்றார் டாக்டர். "எப்பவோ வந்து தானா ஆறின தழும்பு மாதிரி இருக்கு. இந்த இருமலுக்கு வேற காரணம் இருக்கும். சளிய டெஸ்டுக்குக் குடுத்துட்டுப் போ. இப்போதைக்கு வேலூர் வேணாம்."

"அப்போ ஒண்ணும் இல்லீங்களா?"

"சளி ரிசல்ட் வரட்டும், சொல்றேன். இது பயப்படற மாதிரி தெரியல."

அவள் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "எது என்னுது?" என்று கேட்டாள். காட்டினேன். தன் விலா எலும்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம உள்ள இப்படித்தான் கீது பாரு" என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வெளியே போய் வராந்தாவில் நின்று முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அடுப்புப் புகைதான் காரணம் என்று டாக்டர் முடிவு செய்து மருந்து கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க நானும் டெக்னீஷியனும் உட்கார்ந்து, முகாம் படங்களில் எங்கெல்லாம் ஒரே பெயரில் இரண்டு வெர்ஷன்கள் இருக்கின்றன என்று தேடினோம். சில இடங்களில் ஒரே ஆளின் படத்தையே இரண்டு முறை ஏற்றியிருந்தார்கள். இன்னொரு ஊரில் ஒரே பேரில் மாமனும் மருமகனும் இருந்தார்கள். அவற்றையும் எண் போட்டுப் பிரித்தோம். அந்த வேலை முடிகிறவரை மூன்று மாத விதியை நிறுத்தி வைத்தேன். இப்போது முகாமுக்குப் போகும்போது டெக்னீஷியன் பேரைக் கேட்பதற்கு முன் நோயாளி எண்ணைத்தான் கேட்கிறார். மலையில் பலருக்கு அது கோபத்தை வரவழைக்கிறதாம்.