முப்பத்தைந்து கிராம்

கோயமுத்தூருக்கு ரயில் டிக்கெட் எடுத்து பீரோவில் வைத்திருந்தோம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருக்க, என் மகன் அவசரக்குடுக்கை, முப்பத்தொரு வாரத்திலேயே புனேயில் பிறந்துவிட்டான். ஒரு கிலோ நானூற்று இருபது கிராம். என் கணவர் அப்போது ஹடப்சரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையில் இருந்தார். புனேக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே எங்களுக்குத் தெரிந்தது பால்காரர், வீட்டு ஓனர், தெருமுனை டாக்டர், தாபோடியில் இருந்த என் கணவரின் அக்கா, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அந்த மாதம்தான் ஆபரேஷன். அம்மாவால் வர முடியவில்லை. தினமும் போனில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அழுதுவிட்டு வைத்துவிடுவோம்.

ஐந்தாம் நாள் என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை அங்கேயே கண்ணாடிப் பெட்டிக்குள். பெற்றவள் வெறுங்கையோடு ஆட்டோவில் ஏறுவது எப்படியிருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், இன்றைக்கும் சொல்ல வராது. காலையில் போவேன், இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால் சிஸ்டர் குழாய் வழியாக அவனுக்கு விடுவார். பஸ்ஸில் யாருடைய குழந்தையோ அழும், எனக்கு ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மூன்றாவது வாரத்தில் அவனைப் பெட்டியிலிருந்து எடுத்து, பெரிய நர்சரிக்கு மாற்றினார்கள். குழாய் போய், கிண்ணத்தில் புகட்டலாம் என்றார்கள். தலைமை சிஸ்டர் மராட்டிக்காரர், கறாரான மனுஷி. அலமாரியைத் திறந்து, "பாலாடை ஆஹே கா?" என்று, இருக்கிறதா என்று தன் உதவியாளரிடம் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்துக்கு டாக்டர்களின் புத்தகத்திலேயே பாலாடை என்றுதான் பெயராம். அவ்வளவு தூரத்தில், அத்தனை இங்கிலீஷுக்கும் மராட்டிக்கும் நடுவே, என் வீட்டுச் சமையலறைச் சொல் ஒன்று வந்து நின்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு எப்போது என்று தினமும் கேட்பேன். பதில் எப்போதும் ஒன்றுதான். குழாய் இல்லாமல் பால் குடிக்க வேண்டும், பெட்டி இல்லாமல் உடம்புச் சூடு நிற்க வேண்டும், மூன்று நாள் தொடர்ந்து எடை ஏற வேண்டும், எடை ஆயிரத்து எண்ணூறைத் தாண்ட வேண்டும். முதல் மூன்றும் ஆகிவிட்டன. எண்ணூறுதான் வரவில்லை. ஆயிரத்து எழுநூற்று இருபது, எழுநூற்று முப்பத்தைந்து, எழுநூற்று ஐம்பது. ஒவ்வொரு நாளும் அந்த முள்ளில்லாத மெஷினின் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முப்பத்திரண்டாம் நாள் அண்ணி வந்தார், என் கணவரின் அக்கா. புனேயிலேயே இருபது வருடம். அவர் தமிழில் பாதி மராட்டி. வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அரே, ஒரு மாசம் தாண்டிருச்சு, இன்னும் இடுப்புல ஒண்ணுமில்லாம கெடக்கறானே! அத்தைக்காரி நான் எதுக்கு இருக்கறன்? இந்தா கண்ணு, உள்ள போயி நீயே கட்டிரு. பக்கா வெள்ளி!"

உள்ளே தாய்க்கு மட்டும்தான் அனுமதி. சாயங்காலம் நானே அரைஞாணைக் கட்டினேன். அவன் இடுப்புக்கு அது இரண்டு சுற்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கட்டும்போது எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. என் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போல ஆகிவிட்டான் என்று மட்டும் பூரித்துப்போனேன்.

மறுநாள் காலை எடை போடும் நேரத்துக்குப் போய்விட்டேன். பதிமூன்று குழந்தைகள், ஒரே சிஸ்டர். துணியெல்லாம் உருவினார். அரைஞாணை விட்டுவிட்டார். அவர்கள் ஊரிலும் இப்படிக் கட்டுவது வழக்கம்தான், அதனால் அது அவர் கண்ணில் உறுத்தவில்லை. மெஷினில் ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து என்று வந்தது.

"வாஹ்! சாட் கிராம்!" என்று என் தோளைத் தட்டினார். ஒரே நாளில் அறுபது கிராம்.

எனக்கு அப்போதே தெரியும். இடுப்பில் பளபளவென்று அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் இன்னும் ஒன்றிரண்டு நாள், இன்னும் ஒன்றிரண்டு வெறுங்கை ஆட்டோ. வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்தது. ஒரு பிரதி எங்களுக்கு, ஒரு பிரதி எங்கள் குடும்ப டாக்டருக்கு, அந்தத் தெருமுனை டாக்டர்தான். குழந்தைகள் டாக்டர், ஒல்லியான பெண்மணி, ஒவ்வொரு வரியாகப் பேனாவை வைத்து விளக்கினார். பிறந்த எடை, வீடு போகும் எடை. பால்: நேராகக் குடிக்க வைக்க வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பீய்ச்சிய பால் முப்பது மில்லி பாலாடையில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். தைராய்டு ரத்தச் சோதனை சரி, காது சோதனை சரி, தலை ஸ்கேன் சரி. கண்ணின் விழித்திரை இன்னும் முழுதாக வளரவில்லை, இரண்டு வாரத்தில் மறுபடி கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்தத் தேதியை இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டார்.

"இது மட்டும் ஒரு நாள் தள்ளக்கூடாது. ஊருக்குப் போனாலும், நல்ல நாள் பார்த்தாலும், எது இருந்தாலும் சரி" என்று ஹிந்தியில் சொன்னார். மூன்றாம் நாள் குடும்ப டாக்டரிடம் எடை பார்க்க வேண்டும், ஆறு வாரத்தில் தடுப்பூசி. நான் தலையாட்டினேன். என் கண் அந்த எண்ணூற்றுப் பத்திலேயே நின்றது.

வீட்டுக்கு வந்தோம். அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது, உடனே சுடுகிறது. அவனை என் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். மார்பில் வாயை வைத்தான் என்றால் எனக்கு உலகமே வேண்டாம். பாலாடையை அலமாரியில் கவிழ்த்துவிட்டேன். முப்பத்து மூன்று நாள் குழாயிலும் கிண்ணத்திலும் குடித்தது போதாதா, இனி என்னிடம் குடிக்கட்டும் என்று ஒரு வீம்பு. இரண்டு நிமிடம் சப்புவான், தூங்கிவிடுவான். அந்தத் தூக்கத்தை வயிறு நிறைந்த தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் குடும்ப டாக்டரிடம் போனோம். வயசானவர். கதர்ச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. சம்மரியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அப்புறம், "சப் உதாரோ பேட்டா" என்றார். எல்லாம் கழற்றச் சொன்னார், அரைஞாண் உள்பட. கொக்கியை நானே கழற்றினேன்.

ஆயிரத்து எழுநூற்று எண்பது.

டாக்டர் சம்மரியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். முப்பது கிராம் குறைவு. மெஷினில் கோளாறா என்று பார்க்க, பக்கத்து மளிகைக்கடையிலிருந்து ஒரு கிலோ படிக்கல்லைக் கம்பவுண்டர் அம்மாவை விட்டு வாங்கி வரச் செய்து வைத்துப் பார்த்தார். சரியாக ஆயிரம் காட்டியது. குழந்தையை மறுபடி வைத்தார். அதே எழுநூற்று எண்பது.

"இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எடை இறங்கக்கூடாது. தாய்ப்பால் பத்தவில்லை. இன்றைக்கே திரும்பக் கொண்டுபோய் அட்மிட் பண்ணிவிடுங்கள். டப்பா பால் தொடங்க வேண்டுமா என்று அவர்கள் பார்க்கட்டும்." கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அரைஞாணைக் கையில் சுருட்டி வைத்திருந்தேன். சொன்னால் பொய் சொன்னவள், சொல்லாவிட்டால் பாலில்லாதவள். இரண்டில் எது பெரிது என்றெல்லாம் யோசிக்கவில்லை. மறுபடி அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான் என்பது மட்டும் கண் முன்னால் வந்தது. ஆனால் எழுநூற்று எண்பது என்பது மெய்யாகவே இறக்கமா ஏற்றமா என்று அவருக்குத் தெரியாமல் வைத்தியம் பார்க்கச் சொல்வது எந்தத் தாய் செய்கிற காரியம்?

அரைஞாணைத் தட்டில் வைத்தேன். முப்பத்தைந்து கிராம்.

"ஆஸ்பத்திரியில எடை போட்டப்ப இது இடுப்புல இருந்துச்சுங்க" என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். என் கணவர்தான் ஹிந்தியில் சொன்னார். சொல்லி முடித்து என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"ஏன் சொல்லல?"

"என்னால இன்னொரு நாள் அவன விட்டுட்டு வர முடியலீங்க!" கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதே மூச்சில் பாலாடையைக் கவிழ்த்து வைத்ததையும் சொல்லிவிட்டேன். எதையும் பாக்கி வைக்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. சம்மரியில் எண்ணூற்றுப் பத்தை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் எழுநூற்று எழுபத்தைந்து என்று எழுதி, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இறங்கவில்லை, மூன்று நாளில் ஐந்து கிராம் ஏறியிருக்கிறது. ஆனால் இது போதாது, பேட்டா. ஒரு நாளைக்கே இருபதாவது வேண்டும். குறை உன் பாலில் இல்லை. குடிக்க அவனுக்கு இன்னும் பலம் வரவில்லை, அதற்குத்தான் அந்தக் கிண்ணம்." குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், உச்சந்தலையைத் தடவினார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஒல்லி டாக்டரம்மா லைனுக்கு வந்தார். என்ன பேசினார்கள் என்று முழுதும் புரியவில்லை. "கரதோடா" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அரைஞாணைத்தான் மராட்டியில் அப்படிச் சொல்கிறார்கள்.

முடிவு இது. குழந்தை சூட்டிப்பாக இருப்பதால் வீட்டிலேயே இருக்கலாம். என் நெஞ்சோடு ஒட்டவைத்துச் சூடு கொடுக்க வேண்டும், பாலாடையை ஒரு வேளைகூட விடக்கூடாது. தினமும் காலையில் இங்கே வந்து வெறும் உடம்போடு எடை. இரண்டு நாள் ஏறாவிட்டால், அல்லது குடிக்காமல் சோர்ந்தால், உடனே ஆஸ்பத்திரி. படுக்கை தயாராக இருக்கும்.

பாலாடையை எடுத்துக் கொதிக்க வைத்தேன். நேராகக் குடிக்க வைப்பேன், அப்புறம் முப்பது மில்லி, சொட்டுச் சொட்டாக. மார்பை விட்டு அவன் வாயைப் பிரித்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது. என் கையில் இருந்தும் அவன் இன்னும் முழுதாக என்னிடம் வரவில்லை என்ற ஏக்கம். தினமும் காலையில் டாக்டரின் மேஜை. எழுநூற்றுத் தொண்ணூறு. அடுத்த நாள் எண்ணூற்றுப் பத்து.

அதே எண்ணூற்றுப் பத்து. இந்த முறை இடுப்பில் ஒன்றும் இல்லை.

டாக்டர் அதைச் சம்மரியின் ஓரத்தில் எழுதினார், கண் டாக்டர் தேதியை விரலால் ஒரு முறை தொட்டுக் காட்டினார். பிறகு அவனைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மராட்டியில், "ஆதா கேவூன் ஜா கரீ" என்றார். இப்போது கூட்டிக்கொண்டு போ வீட்டுக்கு.

ஐந்து நாளாக அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். ஆனாலும் அன்றைக்குத்தான் நான் என் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.